சித்தப்பாவின் 5 லட்சமும் ரெண்டு பூட்டும்: டி-பில், சேமிப்புப் பத்திரம், ஷேர்

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தீங்க. "ஷேர்ல போடப் பயமா இருக்கு, பேங்க்ல சும்மா வைக்கவும் மனசு வரல, நடுவுல ஏதாவது இருக்கா?" இருக்கு. இன்னைக்கு அதைப் பத்திதான். ஆனா பட்டியல் போட்டுச் சொல்லப் போறதில்ல. எங்க சித்தப்பாவோட 5 லட்ச ரூபாயை எடுத்துக்கிட்டு, அது எங்க எங்க போச்சு, ஏன் போச்சுன்னு மட்டும் சொல்றேன்.

அதுக்கு முன்னாடி என் கதை. சின்னக் கதைதான், ஆனா அதைச் சொல்லாம சித்தப்பாவுக்கு நான் ஏன் அப்படி யோசனை சொன்னேன்னு புரியாது.

2024 செப்டம்பர் கடைசி. நிஃப்டி 26,200-ஐத் தொட்டிருந்த நேரம். எங்கிட்ட 3 லட்சம் இருந்துச்சு. அது தங்கச்சி கல்யாணத்துக்கு எடுத்து வச்ச காசு. மண்டபம், சமையல் பாக்கி எல்லாம் 2025 மார்ச்ல கட்டணும். ஆறு மாசம் இருக்கே, சும்மா கிடக்குதேன்னு மொத்தத்தையும் ஒரு நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்ட்ல போட்டேன். தனி ஷேர் கூட இல்ல, இண்டெக்ஸ் ஃபண்ட்தான். "சேஃப்"னு நினைச்சேன்.

பிப்ரவரி கடைசியில நிஃப்டி 22,100. என் 3 லட்சம் ஏறக்குறைய 2,53,000 ஆயிருந்துச்சு. மண்டபக்காரர்கிட்ட போய் "அண்ணே, மார்க்கெட் கொஞ்சம் இறங்கியிருக்கு, ஏறினதும் தர்றேன்"னு சொல்ல முடியுமா? வித்தேன். 47,000 ரூபாய் போச்சு. அதுக்கப்புறம் மார்க்கெட் ஏறுச்சு. ஆனா அந்த ஏத்தத்துல என் காசு இல்ல, அது சாப்பாட்டுப் பந்தியில போயிருச்சு.

இதுல ஃபண்டு மேல தப்பு இல்ல. மார்ச்ல வேணும்னு தேதி எழுதின காசை, தேதியே இல்லாத இடத்துல வச்சது என் தப்பு.

சரி, இப்ப சித்தப்பா.

நாகல் நகர்ல ஒரு தீபாவளி

எங்க சித்தப்பாவுக்குத் திண்டுக்கல் நாகல் நகர் பக்கம் சின்னதா ஒரு ஹார்ட்வேர் கடை. வயசு 54. 2025 தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தப்ப, கடையைப் பூட்டிட்டு வந்து உட்கார்ந்தார். "தம்பி, 5 லட்சம் இருக்குடா. கடைக்குப் பக்கத்துல இருக்கிற பையன் ஒருத்தன் வாட்ஸ்அப் குரூப்புல சேர்த்துவிட்டான். ஏதேதோ ஷேர் பேரு சொல்றாங்க. ஆறு மாசத்துல ஒண்ணரை மடங்கு ஆகும்கிறான். போடலாமா?"

நான் ஷேர் பத்திப் பேசவே இல்ல. "சித்தப்பா, இந்தக் காசு எப்ப வேணும்?"னு மட்டும் கேட்டேன்.

அவர் யோசிச்சுச் சொன்னார். 3 லட்சம், பொண்ணு இன்ஜினியரிங் சேரணும், 2026 ஜூன்ல கண்டிப்பா வேணும். மிச்சம் 2 லட்சம் உடனே வேண்டாம். ஆனா கடை மந்தமா இருக்கிற மாசத்துல அதுல இருந்து ஏதாவது வட்டி வந்தா உதவியா இருக்கும்.

பார்த்தீங்களா, கேட்டவுடனே 5 லட்சம் ரெண்டு காசா பிரிஞ்சிருச்சு. ஒண்ணுக்குத் தேதி இருக்கு. இன்னொண்ணுக்கு வேலை இருக்கு.

முதல் 3 லட்சம்: அரசாங்கத்துக்கு முன்வட்டி பிடிச்சுக் கடன் கொடுக்கிறது

தேதி இருக்கிற காசுக்கு நான் சொன்னது ட்ரெஷரி பில். சுருக்கமா டி-பில். தமிழ்ல கருவூல உண்டியல்னு எழுதுவாங்க. பேரைக் கேட்டதும் சித்தப்பா முழிச்சார். அவருக்குப் புரிஞ்சது எப்படின்னா, தண்டல் கணக்கை வச்சு.

நம்ம ஊர் கடைத்தெருவுல தண்டல் வாங்கினவங்களுக்குத் தெரியும். 10,000 ரூபாய்னு எழுதிக்குவாங்க, கையில 9,000 தான் கொடுப்பாங்க. வட்டியை முன்னாடியே பிடிச்சுக்குவாங்க. திருப்பிக் கட்டும்போது முழுசா 10,000 கட்டணும். டி-பில் அதே கணக்குதான், ஆனா ஆள் மாறுது. இங்க கடன் வாங்குறது மத்திய அரசு. முன்வட்டியைப் பிடிச்சுக்கிட்டுக் கொடுக்கிறது நீங்க. 

நூறு ரூபாய் டி-பில்லை நீங்க நூறுக்குக் குறைச்சலா வாங்குறீங்க. குறிச்ச நாள்ல அரசு முழு நூறைத் தருது. நடுவுல வட்டின்னு தனியா ஒண்ணும் வராது. அந்த வித்தியாசம்தான் லாபம். 91 நாள், 182 நாள், 364 நாள்னு மூணு வகை இருக்கு. குறைஞ்சது 10,000 ரூபாய்க்கு வாங்கணும், அதுக்கு மேல 10,000, 10,000-ஆ ஏத்திக்கலாம்.

சித்தப்பா நவம்பர்ல வாங்கினா, 182 நாள் பில் மே மாசத்துல முடியும். ஜூன் ஃபீஸுக்குச் சரியா இருக்கும். கணக்கைப் பார்ப்போம். விலை 97 ரூபாய் 33 காசுன்னு வச்சுக்கங்க.

```
(100 - 97.33) / 97.33 x 365 / 182 x 100 = 5.50
```

வருஷத்துக்கு ஐந்தரை சதவீதம். 3 லட்சம் முகமதிப்புக்கு அவர் கட்டுறது 2,91,990 ரூபாய். மே மாசம் பேங்க் கணக்குக்கு வர்றது சரியா 3,00,000. லாபம் 8,010 ரூபாய். அதே காசு இரண்டரை சதவீத சேவிங்ஸ் கணக்குல தூங்கியிருந்தா ஏறக்குறைய 3,640 ரூபாய்தான் வந்திருக்கும்.

"வெறும் எட்டாயிரமா?"ன்னு சித்தப்பா கேட்டார். ஆமா, எட்டாயிரம்தான். ஆனா நான் 47,000-ஐ விட்டதும் அதே ஆறு மாசத்துலதான். இந்தக் காசோட வேலை பெருகுறது இல்ல. ஜூன் மாசம் முழுசா வந்து நிக்கிறது. மே மாசம் 3 லட்சம் வரும்னு நவம்பர்லயே தெரியும். ஷேர்ல இந்த வாக்கியத்தை யாராலயும் சொல்ல முடியாது.

எப்படி வாங்குறது

முன்னாடியெல்லாம் இது பேங்குகளும் மியூச்சுவல் ஃபண்டுகளும் கோடிக் கணக்குல வாங்குற சமாச்சாரம். 2021 நவம்பர் 12-ல ரிசர்வ் வங்கி ரீடெயில் டைரக்ட்னு ஒண்ணைத் தொடங்கினாங்க. நம்ம மாதிரி ஆளுங்க நேரடியா ரிசர்வ் வங்கியிலேயே கணக்கு வச்சு அரசுப் பத்திரம் வாங்கலாம். முகவரி rbiretaildirect.org.in. நீங்களே எழுத்து எழுத்தா டைப் பண்ணுங்க. வாட்ஸ்அப்புல வர்ற லிங்க்கைத் தொடாதீங்க. 2024 மே மாசத்துல இருந்து மொபைல் ஆப்பும் இருக்கு.

பான், ஆதாரோட இணைச்ச மொபைல் நம்பர், பேங்க் கணக்கு, ஈமெயில், இவ்வளவு போதும். கணக்கு திறக்கவும் வச்சிருக்கவும் கட்டணம் இல்ல. சித்தப்பா கணக்குல ஒரு இடத்துல மாட்டுச்சு. பான் கார்டுல இனிஷியல் விரிச்சு எழுதியிருக்கு, பேங்க்ல வெறும் எழுத்தா இருக்கு. பேர் ஒத்துப்போகலைன்னு நின்னுடுச்சு. பேங்க்ல பேரைச் சரிபண்ணி வாங்க ஒரு வாரம் ஆச்சு. அதனால காசு போட வேண்டிய வாரத்துல கணக்கு திறக்க உட்காராதீங்க, ஒரு மாசம் முன்னாடியே திறந்து வைங்க. நாமினி பேரையும் அன்னைக்கே போட்டுருங்க.

டி-பில் ஏலம் வாராவாரம் புதன்கிழமை நடக்கும். ஏலம்னதும் சித்தப்பா சீட்டு ஏலம் மாதிரி தள்ளு கேட்கணுமோன்னு நினைச்சார். தேவையில்ல. நமக்கு இருக்கிறது போட்டியில்லா ஏலம். பெரிய பேங்குகள் எல்லாம் விலை சொல்லி அடிச்சுக்குவாங்க. கடைசியில அவங்களுக்குக் கிடைச்ச சராசரி விலை எதுவோ, அதே விலை நமக்கும். நாம சொல்ல வேண்டியது எவ்வளவு ரூபாய்க்கு வேணும்கிறது மட்டும்தான்.

ஏலத்துக்கு முன்னாடியே நம்ம ஜன்னல் மூடிடும், அதனால புதன்கிழமை மதியம் போய் உட்காராதீங்க. முன்கூட்டியே ஆர்டர் போட்டு, யுபிஐ-லயோ நெட் பேங்கிங்லயோ காசைக் கட்டிடணும். இன்னும் விலை தெரியாததால கொஞ்சம் கூடுதலாவே கேட்கும். ஏலம் முடிஞ்சு விலை வந்ததும் மிச்சம் திரும்பி வந்துரும். 3 லட்சத்தை ஒரே தடவையில கட்டும்போது உங்க பேங்கோட தினசரி வரம்பு இடிக்கலாம். சித்தப்பாவுக்கு இடிச்சுது. அதனால ரெண்டு புதன்கிழமையா பிரிச்சு வாங்கினார்.

முடியுற நாள்ல நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம். காசு தானா பேங்க் கணக்குக்கு வந்துரும்.

இதுல எங்க கால் இடறும்

முதல் விஷயம், நடுவுல காசு வேணும்னா கஷ்டம். விக்கிறதுக்குச் சந்தை இருக்கு, அந்த ஆப்லயே இருக்கு. ஆனா நம்ம மாதிரி சின்னத் தொகைக்கு எதிர்ல வாங்குற ஆள் உடனே கிடைக்கணுமே. கிடைச்சாலும் விலை கொஞ்சம் குறைச்சுக் கேட்பாங்க. அதனால முடியுற வரைக்கும் தொடத் தேவையில்லாத காசை மட்டும் போடுங்க. ஆஸ்பத்திரிச் செலவுக்குன்னு வச்சிருக்கிறது சேவிங்ஸ் கணக்குலயே இருக்கட்டும்.

ரெண்டாவது விஷயம்தான் பலருக்குப் புரியாதது. டி-பில்ல உங்க காசு குறையாது. ஆனா அடுத்த தடவை வாங்கும்போது வட்டி குறைஞ்சிருக்கலாம். 2024-ல ஏழு சதவீதத்துக்குப் பக்கத்துல கிடைச்சுது. 2025 பிப்ரவரியில இருந்து ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை 6.5-ல இருந்து படிப்படியா இறக்குனதும், டி-பில் வட்டியும் கூடவே இறங்கிடுச்சு. கொரோனாவுக்கு அப்புறம் கொஞ்ச காலம் 91 நாள் பில் நாலு சதவீதம் கூடத் தரல. அதனால "டி-பில் இவ்வளவு தரும்"னு யாராவது பழைய வீடியோவுல சொன்னதை நம்பாம, இந்த வார ஏல முடிவைப் பாருங்க.

அதே காரணத்துக்காக, வாங்குறதுக்கு முன்னாடி உங்க பேங்க்ல ஆறு மாச ஃபிக்ஸட் டெபாசிட் வட்டியையும் பாருங்க. ஒரு பேங்க்ல 5 லட்சம் வரைக்கும் வட்டியோட சேர்த்து டெபாசிட் காப்பீடு இருக்கு. சின்னத் தொகைக்கு எஃப்டி கூடுதலா கொடுத்தா அதுலயே போடுங்க, அதுல ஒண்ணும் தப்பில்ல. எஃப்டியை நடுவுல உடைக்கிறதும் சுலபம்.

மூணாவது வரி. டி-பில் லாபத்துல யாரும் முன்னாடியே வரி பிடிக்க மாட்டாங்க. அதனால வரியே இல்லைன்னு நினைச்சுராதீங்க. உங்க வருமானத்தோட சேர்ந்து உங்க ஸ்லாப் படி வரி வரும், ரிட்டர்ன்ல நீங்கதான் காட்டணும்.

அடுத்த 2 லட்சம்: ஏழு வருஷப் பூட்டு

இப்ப அந்த வட்டி வேணும்னு சொன்ன காசு. இதுக்கு மிதக்கும் வட்டி சேமிப்புப் பத்திரம். இங்கிலீஷ்ல ஃப்ளோட்டிங் ரேட் சேவிங்ஸ் பாண்ட் 2020. 2020 ஜூலை 1-ல இருந்து மத்திய அரசு தருது. குறைஞ்சது 1,000 ரூபாய், உச்ச வரம்பு இல்ல. ஸ்டேட் பேங்க், அரசு பேங்குகள், சில தனியார் பேங்குகள், அப்புறம் அதே ரீடெயில் டைரக்ட், எல்லாத்துலயும் கிடைக்கும்.

மிதக்கும் வட்டின்னா என்ன? போஸ்ட் ஆபீஸ்ல என்எஸ்சி இருக்குல்ல, தேசிய சேமிப்புப் பத்திரம். அதோட வட்டி எவ்வளவோ, அதுக்கு மேல 0.35 சதவீதம். ஒவ்வொரு ஜனவரி 1-லயும் ஜூலை 1-லயும் மறுபடி கணக்குப் போடுவாங்க. 2020-ல ஆரம்பிச்சப்ப 7.15. 2023 ஜனவரியில 7.35. அதே வருஷம் ஜூலையில 8.05. அப்போ 2020-ல வாங்கினவருக்கும் 2023-ல 8.05 தான் கிடைச்சுது. பழைய வட்டியில மாட்டிக்கல. அதே மாதிரி என்எஸ்சி வட்டியைக் குறைச்சா இதுவும் குறையும். 2025 முழுக்க 8.05-லயே இருந்துச்சு.

சித்தப்பாவோட 2 லட்சத்துக்கு வருஷம் 16,100 ரூபாய். ஆறு மாசத்துக்கு ஒருதடவை, ஜனவரி 1-லயும் ஜூலை 1-லயும், 8,050 ரூபாய் கணக்குக்கு வரும். கூட்டு வட்டி கிடையாது. அசல் ஏழு வருஷம் கழிச்சு அப்படியே 2 லட்சமா திரும்பி வரும்.

8.05-ன்னதும் சித்தப்பா மொத்த 5 லட்சத்தையும் இதுலயே போட்டுடலாம்னுட்டார். அங்கதான் நிறுத்தினேன். இதுல ஏழு வருஷம் பூட்டு. விக்க முடியாது, அடுத்தவர் பேருக்கு மாத்த முடியாது, அடகு வச்சுக் கடனும் வாங்க முடியாது. 60 வயசு தாண்டினவங்களுக்கு மட்டும் வயசுக்குத் தகுந்த மாதிரி நாலு, அஞ்சு, ஆறு வருஷத்துல வெளிய வர வழி இருக்கு. அதுக்கும் கடைசி ஆறு மாச வட்டியில பாதியைப் பிடிச்சுக்குவாங்க. 54 வயசு சித்தப்பாவுக்கு அந்த வழி இல்ல. பொண்ணு ஃபீஸை இதுக்குள்ள போட்டிருந்தா, ஜூன்ல பத்திரத்தைக் கையில வச்சுக்கிட்டுக் கடன் கேட்டு அலையணும்.

"திண்டுக்கல்காரன்கிட்டயே பூட்டைப் பத்திச் சொல்றியா"ன்னு சிரிச்சார். ஆனா புரிஞ்சுக்கிட்டார். மூணை டி-பில்லுக்கும் ரெண்டை இதுக்கும் பிரிச்சோம்.

இதுல வரி பிடிப்பாங்க. வட்டி வருஷத்துக்கு 10,000 ரூபாய் தாண்டினா 10 சதவீதம் கழிச்சுட்டுத்தான் தருவாங்க. சித்தப்பாவோட மொத்த வருமானத்துக்கு வரி வராது, அதனால அதுக்கான உறுதிமொழிப் படிவத்தைக் கொடுத்தார். ஆனா கேட்டுக்கிட்டிருக்கிற ஐடி நண்பர்களே, நீங்க 30 சதவீத ஸ்லாப்ல இருந்தா இந்த 8.05 உங்க கையில ஐந்தரையாத்தான் வரும். ஒரே பத்திரம், சித்தப்பாவுக்கு ஒரு வட்டி, உங்களுக்கு வேற வட்டி. அதை வச்சு முடிவெடுங்க.

இன்னொண்ணு, வீட்டுல 60 தாண்டின அப்பா அம்மா இருந்தா, முதல்ல போஸ்ட் ஆபீஸ் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தைப் பாருங்க. 2023-ல இருந்து 8.2 சதவீதம், மூணு மாசத்துக்கு ஒருதடவை வட்டி, அஞ்சு வருஷம்தான். அவங்களுக்கு அதுதான் முதல்ல வரணும்.

அப்ப ஷேரே வேண்டாமா?

வேணும். ஆனா வேற காசுக்கு.

2020-ஐ நினைச்சுப் பாருங்க. ஜனவரியில நிஃப்டி 12,300-க்கு மேல. மார்ச் 23-ல 7,610. நவம்பர்ல மறுபடி பழைய இடம். காத்திருக்க முடிஞ்சவருக்கு அது ஒரு கெட்ட கனவு, அவ்வளவுதான். ஆனா ஜூன்ல ஃபீஸ் கட்ட வேண்டியிருந்தவருக்கு நஷ்டம் நிஜம். ரெண்டு பேரும் வாங்கினது ஒரே ஷேர். அவங்க காசோட தேதிதான் வேற.

அந்தப் பக்கமும் சொல்லணும். 2008 ஜனவரியில சென்செக்ஸ் 20,800. 2009 மார்ச்ல 8,100 பக்கம். பழைய உச்சத்தை நல்லாத் தாண்டி நிக்க 2013 கடைசி ஆச்சு. "நீண்ட காலம்"னு சொல்றது சில நேரம் அஞ்சாறு வருஷம். ஆனா அங்கயே விடாம இருந்தவங்க காசு அதுக்கப்புறம் பல மடங்கு ஆச்சு. டி-பில்ல அது நடக்காது. விலைவாசி ஏறுறதையும் வரியையும் கழிச்சா டி-பில்ல மிஞ்சுறது ரொம்பக் கொஞ்சம். பல வருஷம் விலைவாசியோட சேர்ந்து நடக்கும், அவ்வளவுதான். 27 வயசுல ரிட்டயர்மெண்ட் காசு முழுசையும் டி-பில்ல வைக்கிறதும் நான் பண்ணின தப்போட மறுபக்கம்தான். பத்து வருஷம் தொடாத காசைப் போய் 182 நாள் பூட்டுக்குள்ள வச்சா, அது வளர வேண்டிய காலம் வீணாப் போகும்.

சித்தப்பா ஷேருக்கு எதுவும் போடலையான்னு கேட்பீங்க. போடுறார். ஆறு மாசத்துக்கு ஒருதடவை வர்ற 8,050-ல, கடை நல்லா ஓடுற நேரத்துல 5,000 எடுத்து இண்டெக்ஸ் ஃபண்ட்ல போடுறதா சொல்லியிருக்கார். அது பாதியானாலும் பொண்ணு படிப்பு நிக்காது, 2 லட்சம் அசலும் அசையாது. வாட்ஸ்அப் குரூப்புல இருந்து வெளிய வந்துட்டார். அந்தக் குரூப்புல சொன்ன ஷேர் ஏறுச்சா இறங்குச்சான்னு ரெண்டு பேரும் பார்க்கல. அவருக்கு அது தேவையும் இல்ல.

நீங்க ஒரு காரியம் பண்ணுங்க. உங்க சேவிங்ஸ் கணக்குல இருக்கிற காசுக்குப் பக்கத்துல ஒவ்வொரு தொகைக்கும் ஒரு மாசம், வருஷம் எழுதுங்க. ஒரு வருஷத்துக்குள்ள தேதி வந்தா டி-பில் இல்லைன்னா எஃப்டி. தேதி இல்ல, ஆனா வட்டி வேணும், ஏழு வருஷம் தொட மாட்டேன்னா சேமிப்புப் பத்திரம். எழுதத் தேதியே கிடைக்காத காசு மட்டும் ஷேருக்கு.

தேதி எழுதும்போது சந்தேகம் வந்தா, முன்னாடி இருக்கிற தேதியையே எழுதுங்க. என் தங்கச்சி கல்யாணம் மார்ச்ல இல்ல, மே மாசத்துலதான் இருக்கும்னு நானும் நினைச்சிருந்தேன். மாப்பிள்ளை வீட்டுல முன்னாடி வச்சுட்டாங்க.

அடுத்த எபிசோட்ல ஏலச்சீட்டு பத்திப் பேசுவோம். பதிவு பண்ணின சீட்டுக்கும் தெருவுல போடுற சீட்டுக்கும் என்ன வித்தியாசம்னு நிறைய பேர் கேட்டிருக்கீங்க. சித்தப்பாவும் கேட்டிருக்கார்.